விரிவுரை எழுத்துப்படியிலிருந்து கொள்குறி வினாக்கள்: முதலாண்டு உயிரியல் வகுப்புக்கான வழிகாட்டி

பதிவு செய்யப்பட்ட ஒரு விரிவுரையின் எழுத்துப்படியைக் கையில் கொடுத்து, "இதிலிருந்து ஒரு வினாத்தாள் தயாரித்துவிடுங்கள்" என்று துறைத் தலைவர் சொல்லும்போது வேலை எளிதாகத்தான் தோன்றும். சொன்னதையெல்லாம் எழுதியாகிவிட்டது, வாக்கியத்துக்கு ஒரு வினா என்று எடுத்தால் போதாதா என்று நினைப்போம். அப்படி எடுத்த வினாக்கள் மாணவரின் உயிரியல் அறிவை அளப்பதில்லை. அன்றைக்கு ஆசிரியர் என்ன சொற்களைப் பயன்படுத்தினார் என்ற நினைவைத்தான் அளக்கின்றன. இந்த வழியில் திணறிய பின் எனக்குப் பழக்கமான முறையை, சவ்வூடு பரவல் பற்றிய ஒரு மணிநேர விரிவுரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு கீழே தருகிறேன். இளம் அறிவியல் முதலாண்டுத் தாவரவியல், விலங்கியல் வகுப்புகள் இரண்டிலும் இந்தப் பாடம் வருவதால், நீங்கள் உடனே செய்து பார்க்கலாம்.

1. தொடங்குமுன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

எழுத்துப்படி மட்டும் போதாது. அதன் மூல ஒலிப்பதிவு, வகுப்பில் காட்டிய படவில்லைகள், பாடத்திட்டத்தில் அந்த அலகுக்குரிய பக்கம், வகுப்புக்குப் பரிந்துரைத்த பாடநூல் ஆகிய நான்கும் மேசையில் இருக்க வேண்டும். எழுத்துப்படியில் சில நிமிட இடைவெளிக்கு ஒருமுறையாவது நேரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள், ஏனெனில் பின்னர் ஒரு வினாவைப் பற்றி எவரேனும் வழக்காடினால் நீங்கள் திரும்பிச் செல்ல வேண்டிய இடம் அதுதான்.

விரிவுரையாற்றியவரின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது நல்லது. மாணவர்களின் குரலும் பதிவில் இருக்குமாதலால், எழுத்துப்படியில் அவர்களுடைய பெயர்கள் வந்தால் நீக்கிவிட்டு "மாணவர்" என்று மட்டும் இடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, பணத்தைவிட நேரமே பெரிது. ஒரு மணிநேர ஒலியைக் கேட்டுத் தட்டச்சு செய்ய நான்கு மணிநேரம் ஆகும் என்பது தட்டச்சாளர்களிடையே வழங்கும் பொதுக் கணக்கு. கணினி தானாக எழுதிக் கொடுத்த படியாக இருந்தாலும், ஒலியை ஒருமுறை முழுவதும் கேட்டுத் திருத்தும் நேரத்தை ஒதுக்கியே ஆக வேண்டும். அதன் பிறகு, சரிபார்ப்பையும் சேர்த்து, ஒரு நல்ல வினாவுக்கு அரை மணிநேரம் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு வினாக்களுக்கு ஒரு முழு வேலைநாள் போய்விடும். விரிவுரை நடந்த அதே வாரத்தில் இதைச் செய்யுங்கள். "இங்க பாருங்க, இது உள்ள போகுது" என்று ஆசிரியர் எதைச் சுட்டிக் காட்டினார் என்பது அந்த வாரத்தில் அவருக்கே நினைவிருக்கும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அவரும் ஊகித்துத்தான் சொல்வார்.

2. எழுத்துப்படியைத் திருத்துங்கள், அறிவியல் சொற்களில் ஐயம் வையுங்கள்

சவ்வூடு பரவல் விரிவுரையின் எழுத்துப்படியில் வரும் மிக ஆபத்தான பிழை ஓரெழுத்துப் பிழைதான். ஹைப்போடானிக், ஹைப்பர்டானிக் என்னும் இரண்டு சொற்களும் வேகமான பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கும். எழுதுபவர் மனிதரானாலும் கணினியானாலும் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடுவது இயல்பு. அந்த ஒரு மாற்றம் நீர் நகரும் திசையையே தலைகீழாக்கிவிடும், உங்கள் விடைக்குறிப்பும் அதனுடன் தலைகீழாகும். எனவே இந்தச் சொற்கள் வரும் ஒவ்வோர் இடத்திலும் அடுத்து வரும் விளைவைப் பாருங்கள். சிவப்பணு சுருங்கியது என்று வந்தால் கரைசல் ஹைப்பர்டானிக், பருத்தது அல்லது வெடித்தது என்று வந்தால் ஹைப்போடானிக். சொல்லும் விளைவும் பொருந்தவில்லையென்றால் ஒலியைக் கேளுங்கள். ஒலியிலும் ஆசிரியர் அப்படியே சொல்லியிருந்தால், அது அவருடைய நாத்தவறு. அவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். செல் பிரிதல் பாடத்தில் மைட்டாசிஸ், மியாசிஸ் ஆகியவையும் இதே வகையில் ஏமாற்றும்.

எண்களையும் இப்படியே பாருங்கள். 0.9 சதவீத உப்புக் கரைசல் என்பது எழுத்துப்படியில் 9 சதவீதமாகிவிட்டால், பருமன் மாறாமல் இருக்க வேண்டிய செல் சுருங்கிப்போகும்.

திருத்தும்போதே, ஆசிரியர் சுட்டிக்காட்டிப் பேசிய "இது", "அந்தப் பக்கம்" போன்றவற்றின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொருளை எழுதிவிடுங்கள். வருகைப்பதிவு, தேர்வுத் தேதி, பின்பெஞ்சுக்கு விழுந்த அதட்டல் ஆகியவற்றை வெட்டிவிடலாம். மாணவர்கள் கேட்ட கேள்விகளை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். அவற்றின் பயன் ஐந்தாம் படியில் தெரியும்.

3. உரையைக் கூற்றுகளாகப் பிரியுங்கள்

வினாவைத் தேடி எழுத்துப்படியை வாசிக்க வேண்டாம். முதலில் அதில் உள்ள உயிரியல் கூற்றுகளை, ஒவ்வொன்றும் தனித்து நின்று உண்மையாக இருக்கும்படி, முழு வாக்கியங்களாக எழுதிப் பட்டியலிடுங்கள். மொத்த வேலையிலும் இந்தப் படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள், பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கிருந்தே தொடங்குகின்றன.

எடுத்துக்காட்டாக, எழுத்துப்படியின் ஒரு பகுதி இப்படி இருக்கிறது என்று கொள்வோம்:

"ரத்த செல்லைத் தூக்கி உப்புத் தண்ணியில போட்டா சுருங்கிடும். நல்ல தண்ணியில போட்டா ஊதி ஊதி வெடிச்சிடும். பாயிண்ட் ஒன்பது பர்சென்ட்ல அப்படியே இருக்கும், அதனாலதான் ஆஸ்பத்திரியில அதை ஏத்துறாங்க. (மாணவர்: அப்ப வெங்காயம் ஏன் சார் வெடிக்கல? அதோட சுவர் தண்ணியை உள்ள விடாதா?) விடும்மா, விடும். ஆனா சுவர் திருப்பித் தள்ளும்ல?"

இதிலிருந்து கிடைக்கும் கூற்றுகள் இவை. ஒன்று, மனிதச் சிவப்பணுவை அதன் உட்புறத்தைவிடச் செறிவு மிகுந்த சோடியம் குளோரைடு கரைசலில் இட்டால் அது நீரை இழந்து சுருங்கும். இரண்டு, காய்ச்சி வடித்த நீரில் இட்டால் நீரை ஏற்று வெடிக்கும். மூன்று, 0.9 சதவீதக் கரைசலில் அதன் பருமன் மாறாது. நான்கு, தாவரச் செல்லின் சுவர் வழியே நீர் தாராளமாகச் செல்லும். ஐந்து, நீர் உட்புகுந்து விறைப்பழுத்தம் உயரும்போது செல் சுவர் எதிர்த்து அழுத்துவதால் ஒரு கட்டத்தில் நீரின் நிகர நுழைவு நின்றுவிடும்.

ஆசிரியர் "உப்புத் தண்ணி" என்று சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். 0.9 சதவீதமும் உப்புத் தண்ணீர்தான். வகுப்பில் கையசைவும் கரும்பலகையும் அந்தக் குறையை நிரப்பிவிடும்; வினாத்தாளில் நிரப்ப எவரும் இல்லை. ஒவ்வொரு கூற்றையும் பாடநூலுடன் ஒப்பிட்டு, பக்கத்தில் நேரக்குறியையும் பாடநூல் பக்க எண்ணையும் எழுதி வையுங்கள்.

4. எத்தனை வினா, எதிலிருந்து என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

ஒரு மணிநேர விரிவுரையில் இருபது, முப்பது கூற்றுகள் கிடைக்கும். அத்தனையும் வினாவாக வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் அந்த அலகின் கற்றல் நோக்கங்கள் எவையோ அவற்றை இடப்பக்கம் எழுதி, நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல் என மூன்று பத்திகள் கொண்ட சிறிய அட்டவணை ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வினா என்று எண்ணை இடுங்கள். முதலாண்டுக்கு, பன்னிரண்டு வினாக்களில் நான்கு நினைவுகூர்தல், ஐந்து புரிதல், மூன்று பயன்படுத்துதல் என்பது நான் கையாளும் பங்கீடு.

ஆசிரியர் அதிக நேரம் பேசியதற்கு அதிக வினா என்று கணக்கிட வேண்டாம். ஊறுகாய் ஏன் கெடுவதில்லை என்று அவர் பத்து நிமிடம் சுவையாகப் பேசியிருக்கலாம். அதன் பின்னால் இருக்கும் கூற்று ஒன்றே ஒன்றுதான்.

தேர்வுக்கான நேரத்தையும் இப்போதே கணக்கிடுங்கள். நினைவுகூரும் வினாவுக்கு ஒரு நிமிடம் போதும். சூழ்நிலை ஒன்றை வாசித்து முடிவெடுக்க வேண்டிய வினாவுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் கொடுங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலக் கலைச்சொற்களைப் புதிதாகச் சந்திக்கும் மாணவர்கள் வகுப்பில் இருந்தால், இதற்கு மேலும் சற்று இடம் விடுவதே நியாயம்.

5. வினாவையும் தெரிவுகளையும் எழுதுதல்

வினாப்பகுதி, தெரிவுகளைக் கையால் மறைத்துவிட்டு வாசித்தாலும் விடை சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "பின்வருவனவற்றுள் சவ்வூடு பரவல் பற்றிச் சரியானது எது?" என்பது இந்தச் சோதனையில் தோற்றுவிடும், ஏனெனில் அது ஒரு வினாவே அன்று, நான்கு சரி-தவறு வினாக்களை ஒரே கயிற்றில் கட்டியது. "ஆசிரியர் கூறியபடி" என்ற தொடரையும் எங்கும் எழுதாதீர்கள்.

மேற்கண்ட முதல் கூற்றை வினாவாக்குவோம். "இரத்த அணுவை உப்பு நீரில் இட்டால் என்ன ஆகும்?" என்று எழுதினால் செறிவு தெரியாததால் சுருங்கும், பருக்கும், மாறாது என்ற மூன்றுமே சரியாகிவிடும். நன்றாகப் படித்த மாணவர்தான் இங்கே தடுமாறுவார். எனவே, "மனிதச் சிவப்பணுக்களை 3% சோடியம் குளோரைடு கரைசலில் இட்டுச் சில நிமிடங்கள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் அவை எவ்வாறு காணப்படும்?" என்று எழுதுங்கள். 0.9 என்ற எண்ணை மாணவர் நினைவில் வைத்திருக்கிறாரா, அதை 3 சதவீதத்துடன் ஒப்பிடத் தெரிகிறதா என்ற இரண்டையும் இது ஒரே வினாவில் பார்த்துவிடுகிறது.

தவறான தெரிவுகளை எங்கிருந்து எடுப்பது? இதற்காகத்தான் மாணவர்களின் குறுக்குக் கேள்விகளை வெட்ட வேண்டாம் என்றேன். "சுவர் தண்ணியை உள்ள விடாதா?" என்று கேட்ட மாணவர் நமக்கு மிகச் சிறந்த தவறான தெரிவு ஒன்றை இலவசமாகத் தந்துவிட்டார். நீங்கள் தனியே உட்கார்ந்து கற்பனை செய்யும் தவறுகளில் மாணவர்கள் விழுவதில்லை. அவர்கள் உண்மையில் நினைக்கும் தவறுகளில்தான் விழுகிறார்கள். ஆசிரியர் "இதையும் அதையும் குழப்பிக்காதீங்க" என்று எச்சரிக்கும் இடங்களும் இதே வகையில் பயன்படும். அந்த மாணவரின் கேள்வியிலிருந்து பிறக்கும் வினா இது:

வெங்காயத்தோல் செல்லையும் மனிதச் சிவப்பணுவையும் காய்ச்சி வடித்த நீரில் இட்டபோது சிவப்பணு மட்டும் வெடித்தது. வெங்காயச் செல் வெடிக்காததற்குக் காரணம் என்ன?
அ. செல் சுவர் நீரை உள்ளே விடுவதில்லை.
ஆ. செல் சுவர் எதிர்த்து அழுத்துகிறது.
இ. வாக்குவோல் நீரை வெளியே தள்ளிவிடுகிறது.
ஈ. செல்லின் உட்புறச் செறிவு நீருக்குச் சமம்.

அ என்பது வகுப்பில் கேட்ட தவறு. இ என்பது பாரமீசியத்தின் சுருங்கும் வாக்குவோலைப் படித்துவிட்டு அதைத் தாவரச் செல்லுக்கும் பொருத்திவிடுபவரைப் பிடிக்கும். ஈ என்பது "மாற்றம் இல்லை என்றால் சமம்" என்ற சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கானது. இப்படி ஒவ்வொரு தவறான தெரிவுக்கும் பின்னால் ஒரு தவறான சிந்தனை இருக்க வேண்டும். நான்காவது தெரிவுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லையென்றால் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 80 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து மைக்கேல் ராட்ரிகஸ் 2005இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவும் பெரும்பாலான சூழல்களில் மூன்று தெரிவுகள் போதும் என்பதுதான். நான்கு வேண்டும் என்று உங்கள் கல்லூரியின் விதி சொன்னால் வேறு வழியில்லை.

ஆ-வை முதலில் நான் எழுதும்போது, "நீர் உட்புகுவதால் உயரும் விறைப்பழுத்தத்தைச் செல் சுவர் எதிர்த்து அழுத்தி, மேலும் நீர் நிகரமாக நுழைவதை நிறுத்துகிறது" என்று நீளமாக வரும். அறிவியல்படி அது முழுமையானது. ஆனால் நான்கில் மிக நீளமானதே சரியான விடை என்பது தேர்வெழுதிப் பழகிய எந்த மாணவருக்கும் தெரியும். சரியான விடையைச் சுருக்குங்கள், முழு விளக்கத்தை விடைக்குறிப்பில் எழுதுங்கள்.

சற்றுக் கடினமான வினா ஒன்றையும் சேர்க்கலாம். 300 மில்லிமோலார் யூரியா கரைசலின் மொத்தக் கரைபொருள் செறிவு சிவப்பணுவின் உட்புறத்துக்கு ஏறத்தாழச் சமம். ஆனாலும் அதில் இட்ட சிவப்பணுக்கள் வெடித்துவிடும். யூரியா செல் சவ்வைக் கடந்து உள்ளே செல்ல, அதைத் தொடர்ந்து நீரும் உட்புகுவதே காரணம். விரிவுரையில் சவ்வைக் கடக்கும் கரைபொருள்கள் பற்றிப் பேசியிருந்தால் மட்டுமே இதைக் கேளுங்கள். எழுத்துப்படியில் இல்லாத ஒன்றை, உங்களுக்குத் தெரியும் என்பதற்காக உள்ளே நுழைப்பது முறையன்று.

6. விடையைக் காட்டிக்கொடுக்கும் தடயங்களை நீக்குங்கள்

தமிழில் எழுதும்போது இலக்கணமே விடையைச் சொல்லிவிடும் இடங்கள் உண்டு. "வெளியேற்றப்படுபவை எவை?" என்று கேட்டுவிட்டு, "குளுக்கோஸ், நீர், சோடியம் அயனிகள்" என்று தெரிவுகளைக் கொடுத்தால், பன்மையில் இருப்பது ஒன்றே என்பதால் பாடம் படிக்காதவரும் அதைக் குறித்துவிடுவார். கோடிட்ட இடத்துக்குப் பின் வேற்றுமை உருபை ஒட்டவிடுவதும் இப்படித்தான்: "______த்தால்" என்று அச்சிட்டால் அழுத்தம், ஆற்றல் என்ற இரு தெரிவுகளில் அழுத்தம் மட்டுமே அங்கே பொருந்தும். கோடிட்ட இடத்தைத் தவிர்த்து முழு வினாவாக எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

"மேற்கூறிய அனைத்தும்" என்ற தெரிவைக் கைவிடுங்கள். நான்கில் இரண்டு சரி என்று தெரிந்த மாணவர் மூன்றாவதைப் பற்றி எதுவும் அறியாமலேயே அதைத் தேர்ந்துவிடுவார். கணினித் தேர்வில் தெரிவுகளை இடம் மாற்றிக் காட்டும் வசதியை இயக்கினால் "மேற்கூறிய" என்பது முதல் வரியிலேயே வந்து நிற்கவும் கூடும்.

வினாக்களை அடுக்கும்போது எழுத்துப்படியின் வரிசையை அல்ல, பாடத்தலைப்பின் வரிசையைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் எளியது முன், கடியது பின். ஒரு வினாவின் முகப்பு இன்னொன்றின் விடையைச் சொல்லிவிடவில்லையா என்றும் பாருங்கள். மேற்கண்ட வெங்காய வினாவில் "சிவப்பணு மட்டும் வெடித்தது" என்று நாமே சொல்லிவிட்டதால், சிவப்பணுவைக் காய்ச்சி வடித்த நீரில் இட்டால் என்ன ஆகும் என்று அதே தாளில் கேட்க முடியாது.

7. கணினியில் ஏற்றுதல்

கல்லூரியில் மூடில் என்னும் இணையவழிக் கற்றல் தளம் இருந்தால், அய்க்கன் என்னும் எளிய வடிவத்தில் வினாக்களை ஒரு உரைக்கோப்பாக எழுதி மொத்தமாக ஏற்றலாம். வடிவம் இதுதான்:

```
3% சோடியம் குளோரைடு கரைசலில் இட்ட மனிதச் சிவப்பணு என்ன ஆகும்?
A. நீரை இழந்து சுருங்கும்
B. நீரை ஏற்று வெடிக்கும்
C. பருமன் மாறாமல் இருக்கும்
ANSWER: A
```

வினா முழுவதும் ஒரே வரியில் இருக்க வேண்டும். தெரிவுகளின் எழுத்துகள் அ, ஆ, இ என்று இருந்தால் ஏறாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளே வேண்டும். கோப்பைச் சேமிக்கும்போது குறியாக்கமாக `UTF-8` என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய வினாத்தாள்களை வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் துறைகள் இன்னும் பல. அவற்றிலிருந்து வெட்டி ஒட்டினால் திரையில் குப்பைதான் தெரியும், ஆகவே முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

8. தேர்வுக்கு முன் ஒருவர், தேர்வுக்குப் பின் எண்கள்

விரிவுரையைக் கேட்காத சக ஆசிரியர் ஒருவரிடம், விடைக்குறிப்பைக் கொடுக்காமல், தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவருடைய விடை உங்கள் குறிப்பிலிருந்து மாறுபடும் வினாவில், பெரும்பாலும் அந்த வகுப்பறையில் மட்டும் புரிந்த ஏதோ ஒன்று ஒளிந்திருக்கும்.

தேர்வு முடிந்ததும் வினாவாரியாக ஒரு சிறு கணக்குப் போடுங்கள். அறுபது மாணவர்கள் எழுதினார்கள் என்று கொள்வோம். மொத்த மதிப்பெண் வரிசையில் மேலிருந்து 27 சதவீதம், அதாவது பதினாறு பேரையும், கீழிருந்து பதினாறு பேரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வினாவுக்கு மேல்குழுவில் பதின்மூன்று பேரும் கீழ்குழுவில் ஐந்து பேரும் சரியான விடை எழுதியிருந்தால், வேறுபாடான எட்டைப் பதினாறால் வகுக்க 0.5 வரும். பாடம் அறிந்தவரையும் அறியாதவரையும் அந்த வினா நன்றாகவே பிரிக்கிறது. 0.2க்குக் கீழே போனால் வினாவை மறுபடி வாசியுங்கள். எதிர்க்குறியில் வந்தால், அதாவது கீழ்குழு மேல்குழுவை விஞ்சினால், முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள். ஹைப்போ, ஹைப்பர் இடம் மாறியிருக்கலாம். குறிப்பு சரியென்றால், நன்கு படித்தவர்கள் மட்டும் கவனிக்கக்கூடிய ஒரு இரட்டைப் பொருள் வினாவில் இருக்கிறது. அத்தகைய வினாவுக்கு எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு, அதைத் திருத்தாமல் மறுமுறை பயன்படுத்தாதீர்கள்.

ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்காத தெரிவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அந்த இடத்தில், அந்த ஆண்டின் எழுத்துப்படியில் வரும் மாணவர் கேள்வி ஒன்றைப் போடலாம். கூற்று, நேரக்குறி, பாடநூல் பக்கம், வினா, விடை விளக்கம், இந்த எண்கள் ஆகிய அனைத்தும் ஒரே விரிதாளில் ஒரு வினாவுக்கு ஒரு வரியாக இருந்தால், உங்களுக்குப் பின் அந்தப் பாடத்தை எடுக்க வருபவர் எழுத்துப்படியை மீண்டும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியிராது.